கொட்டுகிற முடியும் மெலிகிற வகிடும்



இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பொறுமையாகப் படியுங்கள். முக்கியமாகப் பெண் பிள்ளைகளும், வீட்டில் பெண் பிள்ளைகள் இருப்பவர்களும் படியுங்கள். நான் இரண்டு பேருக்கு ஒரே பதிலைச் சொன்னேன். ஒருத்திக்கு அது சரியான பதில், இன்னொருத்திக்குத் தவறான பதில். தவறாகச் சொன்னதைத் திருத்தாமல் விட்டால் நான் முப்பத்தாறு வருடம் சிவப்பு மை வைத்திருந்ததற்கு அர்த்தமில்லை.

2023 மே மாதம் நடந்த பழைய மாணவர் சந்திப்பு உங்களுக்கு நினைவிருக்கும். அன்று நான் குனிந்து குத்துவிளக்கு ஏற்றும்போது, மாடிப் படிக்கட்டில் நின்று உங்களில் ஒருவர் படம் எடுத்துப் போட்டிருந்தீர்கள். நல்ல படம். எல்லோரும் "டீச்சர் அப்படியே இருக்கீங்க" என்று எழுதியிருந்தீர்கள். இரவு படுக்கையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்படியே இல்லை. வகிட்டின் இரண்டு பக்கமும் முடி விலகி, உச்சந்தலையில் விரல் அகலத்துக்கு வெள்ளையாகத் தோல் தெரிந்தது. என் தலையை மேலிருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "ரொம்ப நாளா அப்படித்தானே இருக்கு" என்றார். எவ்வளவு நாளாக என்று கேட்டதற்கு அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அதுதான் இந்த விஷயத்தின் தந்திரம். அதைச் சொல்வதற்கு முன்னால் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1981இல் நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு. ஆகஸ்ட் மாதம் டைபாய்டு காய்ச்சல் வந்து மூன்று வாரம் படுத்துவிட்டேன். குணமாகி விடுதிக்குத் திரும்பி, நன்றாகச் சாப்பிட்டு, உடம்பு தேறிவிட்ட நேரத்தில், நவம்பரில் முடி கொட்ட ஆரம்பித்தது. சாதாரணமாகக் கொட்டவில்லை. சீப்பை வைத்து இழுத்தால் கொத்தாக வந்தது. குளித்தால் தண்ணீர் போகும் துளை அடைத்துக்கொண்டது. தலையணை, தோள், சாப்பாட்டுத் தட்டு எங்கும் முடி. தொடைப் பருமன் பின்னல் என்று கேலி செய்த தோழிகளே பரிதாபமாகப் பார்த்தார்கள். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது என் ஆச்சி கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, "காய்ச்சல்ல போன முடி தானா வரும், அழாத" என்றார்கள். சித்திரைக்குள் கொட்டுவது நின்றது. நெற்றி ஓரத்தில் புல் முளைத்த மாதிரி குட்டி முடிகள் நின்றன. இரண்டு மூன்று வருடத்தில் பழைய பின்னல் திரும்பியது.

ஆச்சி சொன்னது முழு உண்மை. ஆனால் அந்த ஒரு அனுபவத்தை வைத்துக்கொண்டு, முடி என்றால் போகும், பிறகு வரும் என்று நான் மனதில் ஒரு சூத்திரம் எழுதிவிட்டேன். அதுதான் பிழை.

இப்போது அந்த இரண்டு பேருக்கு வருகிறேன். பெயர் சொல்லவில்லை. இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலாமவள் என் மாணவி. 2018 நவம்பரில் டெங்கு வந்து மருத்துவமனையில் ஐந்து நாள் இருந்தாள். அடுத்த பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். கைப்பையைத் திறந்து ஒரு பாலித்தீன் பையை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே முடி. "டீச்சர், இது மூணு நாள்ல கொட்டினது. மொட்டையாயிடுவேனா?" என்று அழுதாள்.

இரண்டாமவள் என் தங்கை மகள். அதே 2019, மே மாத விடுமுறைக்கு வந்திருந்தாள். அப்போது அவளுக்கு வயது 34. நான் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, "பெரியம்மா, என் வகிடு பெரிசாயிட்ட மாதிரி இல்ல?" என்று கேட்டாள். நான் சீப்பைப் பார்த்தேன். நாலைந்து முடிதான் இருந்தது. தரையிலும் ஒன்றுமில்லை. "முடியே கொட்டல, அப்புறம் எப்படிடி வகிடு பெரிசாகும்? ஏதாவது சத்துக் குறைவா இருக்கும். கீரை சாப்பிடு, தானா வரும்" என்று சொல்லிப் பின்னிவிட்டேன்.

மாணவியிடம் "தானா வரும்" என்றேன். வந்தது. தங்கை மகளிடமும் "தானா வரும்" என்றேன். வரவில்லை. நாலு வருடம் என் பேச்சை நம்பிக் காத்திருந்தாள்.

அந்தப் படத்தைப் பார்த்த பிறகு 2023 ஜூலையில் தோல் மருத்துவரிடம் போனேன். என்னைவிட முப்பது வயது இளைய பெண். அந்த அம்மாள் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே எனக்குப் புதிதாக இருந்தது. "முடி கொட்டுதா, இல்ல மெலியுதா?" இரண்டும் வேறு வேறா என்று கேட்டேன். வேறுதான் என்று விளக்கினார். நான் புரிந்துகொண்டதை என் பாணியில், வகுப்பறை உதாரணத்தோடு சொல்கிறேன்.

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு முடியும் தனித்தனியாக ஒரு சுற்றில் போகிறது. இரண்டு முதல் ஆறு வருடம் வளர்கிறது. பிறகு வளர்ச்சியை நிறுத்தி மூன்று மாதம் போல ஓய்வில் இருக்கிறது. பிறகு உதிர்கிறது. அதே மயிர்க்காலிலிருந்து புது முடி கிளம்புகிறது. நூறு மாணவர்கள் உள்ள வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்திலும் தொண்ணூறு பேர் பாடத்தில் இருக்கிறார்கள், பத்துப் பேர் ஓய்வில் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முறை வேறு வேறு நாளில் வருவதால் வகுப்பு எப்போதும் நிறைந்தே தெரிகிறது. இந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது இயல்பு. வெள்ளிக்கிழமை மட்டும் எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிக்கிறவர்களுக்கு அந்த வாரம் முழுக்கத் தளர்ந்து நின்ற முடி அன்று ஒரே நாளில் வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பெரிய காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைப்பது, பெரிய துக்கம், இப்படி ஏதாவது உடம்பை உலுக்கினால், பாடத்தில் இருக்கிற பிள்ளைகளில் முப்பது நாற்பது பேர் ஒரே நேரத்தில் எழுந்து ஓய்வுக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் அன்றே வெளியே போவதில்லை. ஓய்வுக்காலம் மூன்று மாதம் அல்லவா? அது முடிந்துதான் உதிர்கிறார்கள். அதனால்தான் காய்ச்சலின்போது கொட்டாமல், உடம்பு தேறி எல்லாம் மறந்த பிறகு கொட்டுகிறது. இதை மருத்துவர்கள் டெலோஜன் எஃப்ளூவியம் என்கிறார்கள். நாம் தற்காலிக முடி உதிர்வு என்று சொல்லலாம்.

என் மாணவியின் கணக்கைப் பாருங்கள். காய்ச்சல் நவம்பர் இரண்டாம் வாரம். கொட்டத் தொடங்கியது ஜனவரி கடைசி வாரம். இடையில் பத்துப் பதினோரு வாரம். பிப்ரவரியில் உச்சம். ஏப்ரலில் குறைந்தது. ஜூனில் நின்றது. அவள் கொண்டுவந்த முடிகளை இன்று பார்த்தால் எனக்கு ஒன்று தெரிந்திருக்கும். தற்காலிகமாக உதிரும் முடியின் அடியில் குண்டூசித் தலை மாதிரி சின்ன வெள்ளைக் குமிழ் இருக்கும். அதைப் பார்த்து "வேரோட வந்துடுச்சு" என்று எல்லோரும் பதறுவோம். அது வேர் இல்லை. ஓய்வு முடித்து முறையாகக் கழன்ற முடிக்கு அப்படித்தான் இருக்கும். மயிர்க்கால் தோலுக்குள்ளே பத்திரமாக இருக்கிறது, அங்கே புது முடி ஏற்கெனவே கிளம்பிவிட்டது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும். அவள் மே மாதம் வந்தபோது நெற்றி ஓரத்திலும் வகிட்டிலும் மூன்று நான்கு சென்டிமீட்டர் குட்டி முடிகள் விறைப்பாக நின்றன. எண்ணெய் வைத்து அடக்கினாலும் அடங்கவில்லை என்று குறைப்பட்டாள். அதுதான் நல்ல சேதி.

ஒன்று மட்டும் அவளுக்குப் புரிய வருடக் கணக்கானது. பின்னலின் அடிப்பாகம் மெலிந்தே இருந்தது. மாதம் ஒரு சென்டிமீட்டர் என்றால் இடுப்பு வரைக்கும் அறுபது சென்டிமீட்டர் வளர ஐந்து வருடம் ஆகும். மேலே நிறைந்த பிறகும் கீழே நிறைய நாள் பிடிக்கும். அதை நோய் என்று நினைக்கக் கூடாது.

இனி என் வகிட்டுக்கும் தங்கை மகளின் வகிட்டுக்கும் வருகிறேன். இங்கே பிள்ளைகள் யாரும் வகுப்பை விட்டு ஓடவில்லை. வருகைப் பதிவேட்டில் குறைவே தெரியாது. ஆனால் ஒவ்வொரு சுற்று முடிந்து அதே இடத்துக்கு வருகிற பிள்ளை முன்பைவிடச் சின்னப் பிள்ளையாக வருகிறான். பத்தாம் வகுப்புப் பையன் உட்கார்ந்த பெஞ்சில் எட்டாம் வகுப்புப் பையன், அடுத்த சுற்றில் ஐந்தாம் வகுப்புப் பையன், பிறகு ஒன்றாம் வகுப்புக் குழந்தை. பெஞ்ச் காலியில்லை. ஆனால் அடைத்து உட்கார ஆளில்லாமல் பலகை தெரிகிறது. மயிர்க்கால் சுருங்கி, வளரும் காலம் குறைந்து, தடிமனான முடி வந்த இடத்தில் மெல்லிய, குட்டையான முடி வருகிறது. பல வருடத்தில் பூனை முடி மாதிரி ஆகிவிடுகிறது. இதனால்தான் சீப்பில் முடி அதிகமாக வராது, தரையில் கிடக்காது, ஆனால் தோல் தெரியும். "முடியே கொட்டல, எப்படி வகிடு பெரிசாகும்" என்று நான் கேட்டேனே, அதற்கு இதுதான் பதில்.

பெண்களுக்கு இது வரும் இடமும் தனி. ஆண்களுக்கு நெற்றி ஏறும். பெரும்பாலான பெண்களுக்கு நெற்றி ஓரத்து முடி அப்படியே நிற்கும். அதற்குப் பின்னால் உச்சியில் நடு வகிடு அகலும். சிலருக்கு வகிட்டின் முன்பக்கம் அதிகமாகவும் பின்னால் போகப் போகக் குறைவாகவும், கூம்பு மாதிரி இருக்கும். நாம் கண்ணாடிக்கு முன்னால் நின்று நெற்றியைத்தான் பார்க்கிறோம். நெற்றி நன்றாக இருப்பதால் ஏமாந்துவிடுகிறோம். யோசித்துப் பார்த்தபோது எனக்கு ஒரு அறிகுறி இருந்திருக்கிறது. வகிட்டில் வைக்கும் குங்குமம் முன்பெல்லாம் இரண்டு பக்க முடிக்கும் நடுவில் கோடாக நிற்கும். ஐம்பது வயதுக்குப் பிறகு அது பரவிப் பொட்டாக நின்றது. நான் குங்குமத்தைக் குறை சொல்லி வேறு கடையில் வாங்கினேன்.

மருத்துவர் என் தலையில் செய்த சோதனை மிகவும் எளிது. நீங்களே வீட்டில் செய்யலாம் என்பதால் விளக்குகிறேன். காய்ந்த தலையில் நடு வகிடு எடுத்து, உச்சியில் அதன் அகலத்தைப் பார்த்தார். பிறகு பின்மண்டையில், பின்னல் தொடங்கும் இடத்துக்குக் கீழே, அதேபோல ஒரு வகிடு எடுத்து அகலத்தைப் பார்த்தார். இரண்டையும் கைபேசியில் படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பின்னால் வகிடு நூல் மாதிரி இருந்தது. உச்சியில் நாடா மாதிரி இருந்தது. தற்காலிக உதிர்வில் தலை முழுக்க ஒரே மாதிரி குறையும், அதனால் முன் வகிடும் பின் வகிடும் கிட்டத்தட்ட ஒரே அகலம்தான் இருக்கும். உச்சியில் மட்டும் அகலம் என்றால் அது மரபுவழி மெலிதல். பின்மண்டை மயிர்க்கால்கள் இதற்கு அவ்வளவாக ஆளாவதில்லை.

பிறகு ஐம்பது அறுபது முடியைக் கொத்தாகப் பிடித்து மெதுவாக இழுத்தார். ஒன்றே ஒன்று வந்தது. தற்காலிக உதிர்வு நடந்துகொண்டிருந்தால் ஆறேழு வந்திருக்கும் என்றார். கடைசியாக ஒரு சின்ன உருப்பெருக்கிக் கருவியை வகிட்டில் வைத்துத் திரையில் காட்டினார். தடித்த முடி, நடுத்தரம், இழை மாதிரி மெல்லியது என்று கலந்து நின்றன. பின்மண்டையில் எல்லாம் ஒரே தடிமன். "இந்தக் கலவைதான் அடையாளம்" என்றார்.

"ஆனா டாக்டர், 2021ல கோவிட் வந்தப்புறம் எனக்கு நிறையக் கொட்டுச்சே" என்று நான் விடவில்லை. உண்மைதான். மே மாதம் கோவிட், ஆகஸ்டில் கொத்துக் கொத்தாகக் கொட்டல், டிசம்பரில் நின்றது. டைபாய்டு மாதிரியே நடக்கிறது, வந்துவிடும் என்று இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். மருத்துவர் சொன்னார்: "ரெண்டும் சேர்ந்து இருந்திருக்கு. மெலிதல் பத்து வருஷமா மெதுவா நடந்திட்டு இருந்தது. கோவிட் உதிர்வு வந்து அதை வெளிச்சம் போட்டுக் காட்டிடுச்சு. உதிர்வுல போன முடி திரும்பி வந்திருச்சு. ஆனா உச்சில வந்தது முன்ன மாதிரி தடிப்பா வரல." அப்போதுதான் எனக்கு விளங்கியது. கொட்டுவது நின்றதா என்பதை மட்டும் பார்த்தேன். வகிடு திரும்ப ஒடுங்கியதா என்று பார்க்கவே இல்லை.

எண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் வீடுகளில் ஆளுக்கு ஒரு தைலம் இருக்கிறது. 1981இல் என் முடி திரும்பி வந்ததற்கு ஆச்சியின் கரிசலாங்கண்ணித் தைலத்துக்குத்தான் எங்கள் தெருவே நன்றி சொன்னது. ஆச்சி பலருக்குக் காய்ச்சிக் கொடுத்தார்கள். இப்போது கணக்குப் போட்டால், கொட்டத் தொடங்கி இரண்டு மாதத்தில் தைலம் தேய்க்க ஆரம்பித்தேன், அதற்கு மூன்று மாதம் கழித்து நின்றது. தேய்க்காவிட்டாலும் அப்போதுதான் நின்றிருக்கும். தற்காலிக உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நிற்கிறது. அந்த நேரத்தில் கையில் எந்தப் புட்டி இருக்கிறதோ அதற்குப் பேர் கிடைத்துவிடுகிறது. வெங்காயச் சாறு, வெந்தயம், விலை கூடிய விளம்பர எண்ணெய் எல்லாவற்றுக்கும் சாட்சி சொல்ல ஆள் கிடைப்பது இதனால்தான். எண்ணெய் முடியை வழவழப்பாக்கும், சிக்கு எடுக்க உதவும். சுருங்கிய மயிர்க்காலைப் பெரிதாக்குவதற்கு அதனிடம் வழியில்லை.

எனக்குச் சிகிச்சை என்ன? முதலில் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், இரும்புச் சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு. இவற்றில் குறை இருந்தால் அதுவே முடியை உதிர்க்கும், மெலிதலோடு சேர்ந்தும் கெடுக்கும். எனக்கு ஃபெரிட்டின் குறைவாக இருந்தது, அதற்கு மாத்திரை கொடுத்தார். அதோடு மினாக்ஸிடில் என்ற மருந்து, தலையில் தடவுவது, 5 சதவீதம், இரவில் ஒருமுறை 1 மி.லி. முடியில் இல்லை, வகிட்டைப் பிரித்துத் தோலில் தடவ வேண்டும். இது முதலில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்த மருந்து. சாப்பிட்டவர்களுக்கு முடி வளர்ந்ததால் தலைக்கு வந்தது.

இந்த மருந்தில் இரண்டு விஷயம் முன்கூட்டியே தெரிய வேண்டும். தெரியாமல்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஒன்று, ஆரம்பித்து ஐந்தாறு வாரத்தில் சிலருக்கு முடி அதிகமாகக் கொட்டும். எனக்குக் கொட்டியபோது புட்டியைக் குப்பையில் போடப் போனேன். தொலைபேசியில் கேட்டதற்கு மருத்துவர், ஓய்வில் இருக்கிற பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது கிளம்புகிறது, விடாதீர்கள் என்றார். சில வாரத்தில் நின்றது. இரண்டு, பலன் தெரிய ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் சில மாதத்தில் கிடைத்தது போய்விடும். ரத்த அழுத்த மாத்திரை மாதிரி தொடர வேண்டியது. நெற்றியில் வழிந்தால் முகத்தில் பூனை முடி வளரும், அதனால் படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தடவிக் காயவிடுகிறேன். சிலருக்கு அரிப்பு வரும். கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள், பால் கொடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. அதனால் நான் எழுதியதைப் படித்துவிட்டு நேராக மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். மருத்துவர் பார்த்துத்தான் யாருக்கு, எந்த அளவு என்று சொல்ல வேண்டும்.

எனக்கு இப்போது இரண்டு வருடம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே ஜன்னல் பக்கம், அதே காலை வெளிச்சத்தில், தலை காய்ந்த பிறகு வகிட்டைப் படம் எடுத்து வைக்கிறேன். முதல் படத்துக்கும் இப்போதைய படத்துக்கும் பார்த்தால் வகிடு கொஞ்சம் ஒடுங்கியிருக்கிறது. பழைய வகிடு வரவில்லை, வரப் போவதும் இல்லை. முழுக்கச் சுருங்கி நீண்ட காலம் ஆன மயிர்க்கால் மருந்துக்கும் எழுந்திருக்காது. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. இது தெரிந்த அன்றுதான் எனக்குத் தங்கை மகள் ஞாபகம் வந்து வயிற்றைப் பிசைந்தது. எனக்கு அறுபது தாண்டிவிட்டது, போகட்டும். அவள் 34 வயதில், சரியான நேரத்தில், சரியான கேள்வியைக் கேட்டாள். நான் சீப்பைப் பார்த்துப் பதில் சொன்னேன்.

அன்றே அவளைக் கூப்பிட்டேன். "நான் அன்னைக்குச் சொன்னது தப்புடி, உடனே டாக்டர்கிட்ட போ" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன் பெரியம்மா. நாலு வருஷமா வகிட்டை இடது பக்கம், வலது பக்கம்னு மாத்தி மாத்தி எடுத்து மறைச்சிட்டு இருந்தேன். கல்யாண வீட்டுக்கெல்லாம் கறுப்புப் பொடி தடவிட்டுத்தான் வந்தேன்" என்றாள். நான் அந்தக் கல்யாணங்களில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மருத்துவர் அவளிடம் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, முகத்தில் முடி அல்லது பரு அதிகமா என்று கேட்டிருக்கிறார். அப்படி இருந்தால் சினைப்பை நீர்க்கட்டி, ஹார்மோன் சோதனையும் செய்வார்களாம். அவளுக்கு அதெல்லாம் இல்லை. பெரும்பாலான பெண்களுக்கு ஹார்மோன் அளவு சரியாகத்தான் இருக்கும், மயிர்க்காலின் பரம்பரைத் தன்மைதான் காரணம் என்றாராம். அந்தப் பரம்பரை அம்மா வழியிலும் வரலாம், அப்பா வழியிலும் வரலாம். எங்கள் அம்மா கடைசிக் காலத்தில் எப்போதும் முந்தானையைத் தலையில் போட்டிருப்பார். வெயிலுக்கு என்று நினைத்திருந்தோம். அவளும் மருந்து தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. அவளுக்கு என்னைவிட நன்றாகக் கேட்டிருக்கிறது. நாலு வருடம் முன்னால் தொடங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் மிச்சமாகியிருக்கும்.

ஆகவே பிள்ளைகளே, இதை மட்டும் நினைவில் வையுங்கள். முடி திடீரென்று கொத்தாகக் கொட்டினால், நாள்காட்டியை எடுத்து மூன்று மாதம் பின்னால் போய்ப் பாருங்கள். காய்ச்சலோ பிரசவமோ அறுவையோ பட்டினியோ அங்கே இருந்தால் பெரும்பாலும் அது தற்காலிகம். நன்றாகச் சாப்பிட்டு ஆறு மாதம் பொறுங்கள். ஆறு மாதம் தாண்டியும் கொட்டினால் ரத்தம் சோதியுங்கள். கொட்டாமல் வகிடு மட்டும் அகன்றால் பொறுக்காதீர்கள். உச்சி வகிட்டையும் பின்மண்டை வகிட்டையும் யாரையாவது படம் எடுக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த இரண்டிலும் சேராதவையும் உண்டு. காசு அளவுக்கு வட்டமாகப் போனால் அது புழுவெட்டு. தோல் சிவந்தோ, வலித்தோ, செதில் விட்டோ, மயிர்த்துளையே தெரியாமல் வழவழவென்றோ இருந்தால், அல்லது நெற்றி ஓரமும் புருவமும் சேர்ந்து போனால், அது வேறு வகை, ஒரு வாரம்கூடத் தள்ளாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வீட்டில் அம்மாவுக்கோ அத்தைக்கோ மனைவிக்கோ வகிடு அகன்றிருப்பது மேலிருந்து பார்க்கும் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். என் வீட்டுக்காரர் மாதிரி "ரொம்ப நாளா அப்படித்தானே" என்று பிறகு சொல்லாதீர்கள். தெரிந்த அன்றே, தனியாகக் கூப்பிட்டு, மெதுவாகச் சொல்லுங்கள்.

மாடிப் படியில் நின்று படம் எடுத்த பிள்ளை யாரென்று எனக்கு இன்னும் தெரியாது. யாராக இருந்தாலும் நன்றி. அடுத்த சந்திப்பிலும் அதே இடத்தில் நின்று ஒரு படம் எடு. நான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்